காதுக்குள் கரப்பொத்தான் போய்விட்டது, எண்ணெய் விடலாமா?

படுவான்_மகள் | இரவு 10.50

யாராவது முழித்திருந்தால் உடனே சொல்லுங்கள். அப்பா வெள்ளாமைக் காவலுக்கு வாடியில் படுத்திருந்தார், சாக்குகளுக்குப் பக்கத்தில் தலை வைத்துப் படுத்ததில் வலது காதுக்குள் ஏதோ ஏறிவிட்டது. தம்பி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் பின்பக்கம் தெரிகிறது, கரப்பொத்தான்தான் என்று நினைக்கிறேன், சின்னது. உயிரோடு இருக்கிறது. அது அசையும்போதெல்லாம் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார், காதுக்குள் மேளம் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். வாடியிலேயே நெருப்புக்குச்சியால் கிண்டிப் பார்த்திருக்கிறார், அதற்குப் பிறகு இன்னும் உள்ளே போய்விட்டது என்கிறார். அம்மா தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு நிற்கிறா. விடலாமா, விடக்கூடாதா? நாங்கள் வவுணதீவுக்கு இன்னும் உள்ளே, இந்த நேரத்தில் ரோட்டில் யானை நிற்கும்.

சம்மாந்துறை_நானா | இரவு 10.56

தங்கச்சி, பயப்பட ஒன்றுமில்லை. எண்ணெயை விடுங்கள், ரெண்டு நிமிசத்தில் மூச்சடைத்துச் செத்துப்போகும். எங்கள் பக்கம் வெள்ளாமை வெட்டுக் காலத்தில் இது சாதாரணம், வாப்பா எத்தனை பேருக்கு விட்டிருக்கிறார். எண்ணெயைக் கொஞ்சம் சூடாக்கி, ஒரு பல்லு உள்ளியும் போட்டு விட்டால் வலியும் நிற்கும். அதற்கு முதல் லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு காது வாசலில் டோர்ச் அடித்துப் பாருங்கள், சிலது வெளிச்சத்துக்குத் தானாக வரும்.

கல்லடி_காற்று | இரவு 10.58

நானா சொல்வதுதான், எண்ணெய் விடுங்கள். இல்லாவிட்டால் காயத்துக்குப் போடுகிற நுரை மருந்து வீட்டில் இருந்தால் அதையும் விடலாம் என்று எங்கேயோ பார்த்தேன், நுரைத்து வெளியே தள்ளிவிடும்.

ஓய்வில்_மிஸ் | இரவு 11.03

படுவான்_மகள், அம்மாவிடம் அந்தப் போத்தலை ஒரு நிமிடம் கீழே வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் நல்ல வழிதான், ஆனால் முதலில் எனக்கு நாலு விசயம் தெரிய வேண்டும். அந்த வலது காதில் எப்போதாவது சீழ் வடிந்திருக்கிறதா, சின்ன வயதில் என்றாலும் பரவாயில்லை, அப்பாவிடமே கேளுங்கள். காதில் ஓட்டை இருக்கிறது, தண்ணீர் படக்கூடாது என்று யாராவது டொக்டர் சொன்னார்களா, காதில் ஒப்பரேசன் ஏதும் நடந்ததா? இப்போது காதிலிருந்து இரத்தம் வருகிறதா, தலை சுற்றுகிறதா? அவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா? பதில் வரும்வரை காதுக்குள் எதுவும் விட வேண்டாம்.

கல்லடித் தம்பி, நுரை மருந்து வேண்டாம். உயிருள்ள பூச்சிக்கு மேல் அதை விட்டால் பூச்சி இன்னும் மிரளும், கீறல் இருந்தால் எரிவும் சேரும்.

படுவான்_மகள் | இரவு 11.09

மிஸ், கேட்டேன். சின்னப் பெடியனாக இருந்தபோது அந்தக் காதில்தான் சீழ் வடிந்ததாம். குளத்தில் மூழ்கிக் குளித்தால் பிறகு சில நாளைக்கு ஒழுகுமாம், அதனால் இப்போதும் தலை முழுகும்போது பஞ்சு வைத்துக்கொள்வார். அந்தப் பக்கம் காது கொஞ்சம் மந்தம், இடது பக்கம் நின்று பேசினால்தான் விளங்கும். நாங்கள் அதை வயசு என்று விட்டுவிட்டோம். சீனியும் இருக்கிறது, குளிசை போடுகிறார். காது வாசலில் கொஞ்சம் இரத்தம் ஒட்டியிருக்கிறது, ஒழுகவில்லை. தலை சுற்றவில்லை என்கிறார்.

ஓய்வில்_மிஸ் | இரவு 11.15

அப்படியென்றால் எண்ணெய் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், எதுவுமே விட வேண்டாம். சின்ன வயதில் சீழ், தண்ணீர் பட்டால் திரும்ப ஒழுகுவது, அதே காதில் மந்தம், இந்த மூன்றும் சேர்ந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன், பார்த்து இல்லை என்று சொல்லும்வரை. ஓட்டை உள்ள காதில் விடுகிற எண்ணெய் செவிப்பறைக்கு வெளியே நிற்காது, நடுக்காதுக்குள் இறங்கும். இறங்கினது அங்கேயே தங்கும், கூடவே பூச்சியின் அழுக்கும் போகும், திரும்பச் சீழ் பிடிக்கும். சீனிக்காரருக்குக் காதில் கிருமி பிடித்தால் அது சாதாரணமாக நிற்காமல் எலும்பு வரைக்கும் போன ஆட்களை நான் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். அப்பாவை வலது காது கீழே பார்க்கும்படி சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள், காது மடலை மேலேயும் பின்னாலேயும் மெல்ல இழுத்துப் பிடியுங்கள், பெரியவர்களுக்கு அப்படி இழுத்தால்தான் அந்த வளைந்த குழாய் நேராகும். தானாக விழுந்தால் நல்லது. விழாவிட்டால் தலையைத் தட்டுவது, குலுக்குவது ஒன்றும் வேண்டாம். வலிக்கு வழக்கமாகப் போடுகிற பெனடோல் போடலாம். பிறகு ஆஸ்பத்திரி. விடியும்வரை காத்திருங்கள் என்று நான் சொல்லமாட்டேன், பூச்சி உயிரோடு இருக்கிறது, அந்தக் காது ஏற்கனவே பழுதான காது. யானைப் பயம் இருந்தால் மோட்டார் சைக்கிளில் போக வேண்டாம், 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கேளுங்கள், அது காசில்லை.

சம்மாந்துறை_நானா | இரவு 11.19

மிஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் எங்கள் வாப்பா காலத்தில் யாரிடம் சீழ் வடிந்ததா என்று கேட்டார்? விட்டார்கள், செத்தது, விழுந்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஓய்வில்_மிஸ் | இரவு 11.27

நானா, வாப்பா செய்தது பிழை என்று நான் சொல்லவில்லை. செவிப்பறை நல்லாக இருக்கிற ஆளுக்கு வீட்டில் செய்யக்கூடிய நல்ல வேலை அதுதான். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதில்தான் எனக்குச் சந்தேகம், ஒரு மாதம் கழித்து காது ஒழுகினால் அதை யார் வாப்பாவிடம் போய்ச் சொன்னார்கள்?

இந்த இழையை நாளைக்கு வேறு யாராவது படிப்பார்கள், அதனால் எண்ணெய் விடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். காதில் பழைய சீழ், ஓட்டை, ஒப்பரேசன், குழந்தைகளுக்கு வைக்கிற சின்னக் குழாய் எதுவும் இல்லை, உள்ளே போனது உயிருள்ள பூச்சிதான் என்று நிச்சயம், இரண்டும் சரியாக இருந்தால்தான் எண்ணெய். ஆளைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், பூச்சி போன காது மேலே. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ சுத்தமான போத்தலிலிருந்து எடுங்கள், பொரித்த சட்டி எண்ணெய் இல்லை. சூடாக்கக் கூடாது, போத்தலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்தால் போதும், உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். சூடு கூடினாலும் குளிர்ந்து இருந்தாலும் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு குழம்பி, அறை முழுதும் சுற்றும், வாந்தி வரும். அடுப்பில் சூடாக்கி விட்டு உள்ளே வெந்துபோய் வந்தவர்கள் இருக்கிறார்கள், உள்ளி போட்ட எண்ணெய் அதிலும் மோசம், உள்ளியின் காரம் அந்த மெல்லிய தோலைப் புண்ணாக்கும். அளவும் அதிகம் தேவையில்லை. பெரியவர்களின் காதுக் குழாய் இரண்டரை சென்டிமீற்றர் நீளம்தான், கால் தேக்கரண்டியில் நிரம்பிவிடும். சொட்டுச் சொட்டாக விட்டு, வாசல் வரை நிரம்பியதும் நிறுத்த வேண்டும்.

விட்டவுடன் பூச்சி முன்னைவிட மோசமாகத் துடிக்கும், ஆள் கத்துவார், அதில் பயந்து எழும்பிவிடக் கூடாது. சில நிமிடத்தில் அடங்கும். பத்து நிமிடம் அப்படியே படுத்திருந்துவிட்டுக் காதைக் கீழே சாய்த்தால் எண்ணெயோடு மிதந்து வரலாம். வராவிட்டால் அதோடு வீட்டு வேலை முடிந்தது. செத்த பூச்சியை அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் எடுக்கலாம், உயிருள்ளதைவிட அவசரம் குறைவு, ஆனால் நாள்கணக்கில் விடக் கூடாது, அது ஊறி அழுகி காதையும் அழுக வைக்கும். துடிப்பு நின்றவுடன் குணமாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மண்ணெண்ணெய், உப்புத் தண்ணீர், சிகரெட் புகை, பூச்சி மருந்து, இதெல்லாம் வந்த கதைகள் என்னிடம் இருக்கின்றன. இப்போது சொல்லமாட்டேன்.

கல்லடி_காற்று | இரவு 11.31

டோர்ச் விசயம் என்ன மிஸ்? அது உண்மையா?

ஓய்வில்_மிஸ் | இரவு 11.36

விளக்கைத் தேடி வருகிற அந்துப்பூச்சிக்கு வேலை செய்யலாம், செய்ததைக் கண்டேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கரப்பொத்தானுக்கு வெளிச்சம் ஆகாது, அது இருட்டைத் தேடி இன்னும் உள்ளே முட்டும். அதோடு தலையை உள்ளே விட்டுப் போன பூச்சிக்கு அந்தக் குழாயில் திரும்ப இடமில்லை, காலில் முள் இருப்பதால் பின்னால் வருவதும் கஷ்டம். வாசலில் டோர்ச் அடித்தால் யாருக்கும் நட்டமில்லை, ஆனால் அதில் அரை மணி நேரத்தை விடக் கூடாது.

சம்மாந்துறை_நானா | இரவு 11.38

நான் என்ட கண்ணால் பார்த்தது, டோர்ச் அடித்து வந்தது. வண்டு. அதை நம்பாதே என்றால் என்ன செய்ய.

படுவான்_மகள் | இரவு 11.44

1990க்கு அடித்தாயிற்று, வருகிறார்கள். அப்பா சாய்ந்துதான் இருக்கிறார், விழவில்லை. தம்பி சாமணத்தால் எடுக்கலாம் என்று நிற்கிறான், பின்பக்கம் தெரிகிறதுதானே என்று.

ஓய்வில்_மிஸ் | இரவு 11.46

தம்பியிடம் சாமணத்தைப் பிடுங்கி வையுங்கள். கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. உயிருள்ள பூச்சியைப் பின்னால் பிடித்தால் அது முன்னால் பிறாண்டும், செவிப்பறை அங்கேதான் இருக்கிறது, அல்லது பாதி உடம்பு கையோடு வரும், மீதி உள்ளே நிற்கும். குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பு, அங்கே தோல் தடிப்பு. உள்ளே மூன்றில் இரண்டு பங்கு எலும்பு, அங்கே தோல் காகிதம் மாதிரி, தொட்டாலே இரத்தம் வரும், தொட்ட இடம் வீங்கும். வீங்கினால் வழி அடைபடும், பிறகு டொக்டருக்கும் கஷ்டம். நெருப்புக்குச்சி ஏற்கனவே அதில் கொஞ்சம் செய்திருக்கும்.

பட்டிக்காரன் | காலை 6.10

இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு ஒரு முறை இப்படி வந்தது, ஆனால் துடிப்பு ஒன்றும் இல்லை. நாங்கள் அம்பாறைப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருக்கிறோம். காது அடைத்த மாதிரி, கடி, பிறகு ஊசி குத்துகிற மாதிரி வலி. எண்ணெய் விட்டேன், ஒன்றும் வரவில்லை. இரவும் பகலும் வலி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் உண்ணி, உள்ளே கடித்துப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. அது எண்ணெய்க்கு ஏன் விடவில்லை?

ஓய்வில்_மிஸ் | காலை 7.05

உண்ணி வேறு கதை, நல்லவேளை நீங்கள் எழுதினீர்கள். கரப்பொத்தான் வழிதவறிப் போனது, உண்ணி சாப்பாட்டுக்குப் போனது. அது வாயைத் தோலுக்குள் புதைத்து ஒட்டிக்கொள்ளும், சில நேரம் செவிப்பறையிலேயே. எண்ணெய் விட்டாலும் லேசில் விடாது, மூச்சு விடுகிற வேகம் அதற்கு மிகக் குறைவு. வீட்டில் இழுத்தால் உடம்பு மட்டும் வந்து வாய் உள்ளே தங்கும். மாடு, நாய், காடு என்று போய்வருகிறவருக்குத் துடிப்பு இல்லாத காது வலி, அடைப்பு, கடி என்றால் முதலில் உண்ணியை நினைக்க வேண்டும். அதைக் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பூதக்கண்ணாடிக்குக் கீழ் வைத்து எடுப்பதுதான் சரி.

எடுத்த பிறகும் ஒரு விசயம் பார்க்க வேண்டும். அடுத்த சில நாட்களில் அந்தப் பக்கத்து முகம் கோணினால், கண்ணை முழுதாக மூட முடியாவிட்டால், அல்லது காய்ச்சலும் உடம்பில் தடிப்பும் வந்தால் திரும்பப் போய் உண்ணி கடித்தது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டெங்குவுக்கு இரத்தம் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

பட்டிக்காரன் | காலை 7.12

முகம் கோணுமா? எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லையே. கோணவில்லை, நல்ல காலம்.

மணல்மேட்டு_வீடு | காலை 8.40

மிஸ், எனக்கும் இதே பிரச்சினைதான். காதுக்குள் சில்வண்டு கத்துகிற மாதிரி எப்பவும் சத்தம், சில மாதமாக இருக்கிறது, இரவில் கூட. பூச்சி எங்கேயோ உள்ளே இருக்கிறது என்று நினைத்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நல்லெண்ணெய் விடுகிறேன், சாகிற மாதிரி இல்லை. எந்த எண்ணெய் நல்லது?

ஓய்வில்_மிஸ் | காலை 9.20

அக்கா, மாதக்கணக்கில் ஒரு பூச்சி உங்கள் காதில் உயிரோடு இருக்காது. பூச்சி போனால் அது நடப்பது, பிறாண்டுவது தெரியும், ஒரே சுருதியில் கத்தாது. உங்களுடையது காது இரைச்சல், அது பெரும்பாலும் உள்காதின் கேட்கும் திறன் குறைவதோடு வருவது, குறும்பி இறுகினாலும் வரும். எண்ணெயை நிறுத்துங்கள், கிளினிக்கில் காதைப் பார்த்துக் கேட்கும் திறனையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்டாலோ தள்ளிப்போட வேண்டாம்.

மணல்மேட்டு_வீடு | காலை 9.31

ஒரு பக்கம்தான். சரி போகிறேன், ஆனால் எண்ணெய் விட்டால் கொஞ்சம் குறைகிறதே?

காத்தான்குடி_தாய் | காலை 10.15

பிள்ளைகளுக்கு என்ன செய்வது? என்ட மகள் பாசிமணி ஒன்றைக் காதில் போட்டுவிட்டாள், மூன்று வயது. வலி இல்லை, விளையாடிக்கொண்டுதான் இருக்கிறாள். எண்ணெய் விட்டால் வழுக்கி வருமா என்று பார்க்கிறேன். கல்லடித் தம்பி மாதிரி யாராவது அந்த கெமரா வைத்த காதுக் கரண்டி வாங்கியிருக்கிறீர்களா, போனில் படம் தெரியுமே, அதால் எடுக்கலாமா?

கல்லடி_காற்று | காலை 10.22

என்னிடம் இருக்கிறது! படம் சூப்பராகத் தெரியும். ஆனால் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாது, என்ட காதையே ஒரு தடவை குத்திக்கொண்டேன். பிள்ளைக்கு வேண்டாம்.

ஓய்வில்_மிஸ் | காலை 10.40

தம்பி சொன்னது சரியான பதில். ஒரு கண்ணால் பார்க்கிற படத்தில் ஆழம் விளங்காது.

மகளுக்கு: முதலில் அது மணிதானா என்று உறுதிப்படுத்துங்கள். பாசிமணி மாலையில் மணி குறைகிறதா, அல்லது ரிமோட், பாட்டுப் பாடுகிற விளையாட்டுச் சாமான், கைக்கடிகாரம் ஏதாவது திறந்து கிடக்கிறதா? அந்த வட்டமான சின்னப் பற்றரியாக இருந்தால் கதை தலைகீழ். காதின் ஈரத்தில் அது மின்சாரம் ஓட்டிச் சுற்றியுள்ள தோலைக் கரைக்கும், சில மணி நேரத்தில் செவிப்பறை வரைக்கும் போகும். எண்ணெய், தண்ணீர், சொட்டு மருந்து எதுவும் விடாமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வாசலில் நிற்கிறவரிடம் பற்றரி என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள், காதில் ஏதோ போய்விட்டது என்று சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள்.

மணி என்று நிச்சயமானால் இன்றைக்குள் போனால் போதும், இரவில் ஓட வேண்டியதில்லை. எண்ணெய் வேண்டாம், மணி வழுக்கும்தான், ஆனால் எந்தப் பக்கம் வழுக்கும் என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. சாமணம் உருண்டையைப் பிடிக்காது, ஒவ்வொரு முறை நழுவும்போதும் கொஞ்சம் உள்ளே தள்ளும். குழாயில் ஒரு ஒடுக்கமான இடம் இருக்கிறது, அதைத் தாண்டி உள்ளே போனால் பிறகு மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். கிளினிக்கில் உருண்டைச் சாமானுக்குப் பின்னால் போய் இழுக்கிற கொக்கி இருக்கிறது. பிள்ளை வலியறியாமல் ஆடாமல் இருக்கிற முதல் தடவைதான் நல்ல தடவை, வீட்டில் கிண்டி அழவைத்துவிட்டு வந்தால் யாரையும் கிட்ட விடமாட்டாள். பயறு, கச்சான், நெல் மாதிரி ஊறுகிற சாமான் என்றால் தண்ணீர் மட்டும் விடவே கூடாது, உள்ளேயே பெருத்து இறுகிவிடும்.

காத்தான்குடி_தாய் | காலை 10.52

மாலையில் ஒன்று குறைகிறது, மணிதான். கூட்டிக்கொண்டு போகிறேன். மூக்கையும் பார்க்கச் சொல்லவா, இவள் முன்பு மூக்கிலும் போட்டவள்.

ஓய்வில்_மிஸ் | காலை 10.54

சொல்லுங்கள். இரண்டு காதும் மூக்கும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று போட்ட பிள்ளை இன்னொன்றும் போட்டிருப்பாள்.

படுவான்_மகள் | பிற்பகல் 2.30

மிஸ், எடுத்தாயிற்று. எல்லாருக்கும் நன்றி, இரவு முழுக்கக் கண் மூடவில்லை, இப்போதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்புலன்ஸ் முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனது. அங்கே டொக்டர் லைட் வைத்த கருவியால் பார்த்துவிட்டு, கால் அசைவது தெரிகிறது என்றார். தாதி விறைப்பு மருந்து எடுத்து வந்தா, அதைக் காதில் விட்டால் பூச்சி செத்துவிடுமாம். நான் உடனே சின்ன வயதில் சீழ் வடிந்த கதையைச் சொன்னேன், அந்த டொக்டர் கையை நிறுத்திவிட்டு, அப்படியென்றால் வேண்டாம், ஓட்டையால் உள்ளே போனால் மணிக்கணக்கில் தலை சுற்றி வாந்தி எடுப்பார் என்று கடிதம் எழுதி மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். உங்களிடம் கேட்காமல் போயிருந்தால் எனக்கு அதைச் சொல்லத் தோன்றியிருக்காது, அவர்களும் கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் மைக்குரோஸ்கோப் வைத்துப் பார்த்து, உறிஞ்சுகிற மெல்லிய குழாயாலும் நீளமான சின்ன இடுக்கியாலும் எடுத்தார்கள். உடம்பு முதலில் வந்தது, பிறகு ஒரு கால் உள்ளே ஒட்டியிருக்கிறது என்று தேடி அதையும் எடுத்தார்கள். தண்ணீர் அடித்துக் கழுவவில்லை. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதாம், பழையது. நெருப்புக்குச்சி கீறின இடம் குழாயின் சுவரில் வீங்கியிருக்கிறது. சொட்டு மருந்து தந்திருக்கிறார்கள், திரும்பக் காட்டவும் சொன்னார்கள். அப்பா இப்போது நித்திரை. ஒரு கேள்வி, வீட்டில் முன்பு வாங்கின காதுச் சொட்டு மருந்து ஒன்று பாதி இருக்கிறது, அதையும் பாவித்து முடிக்கலாமா? பெயர் அழிந்துபோயிருக்கிறது.

ஓய்வில்_மிஸ் | பிற்பகல் 3.15

அந்தப் பழைய போத்தலை எறிந்துவிடுங்கள். சில காதுச் சொட்டு மருந்துகளில் இருக்கிற ஜென்டாமைசின் வகை மருந்து ஓட்டை வழியாக உள்காதுக்குப் போனால் கேட்கும் திறனையே கெடுக்கும். இப்போது தந்தது ஓட்டையைப் பார்த்துவிட்டுத் தந்தது, அதை மட்டும் சொன்ன நாள்வரை விடுங்கள், வலி போய்விட்டது என்று நடுவில் நிறுத்த வேண்டாம். விடுவதற்கு முன் போத்தலைக் கையில் பொத்தி வைப்பது இதற்கும் பொருந்தும்.

தலை முழுகும்போது வெறும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி உள்ளே விடும், பஞ்சில் வஸலின் நன்றாகப் பூசி வாசலில் வையுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள். வலி திரும்பக் கூடினால், நாற்றமுள்ள சீழ் வந்தால், முகம் கோணினால், சீனி கூடினால் சொன்ன திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஓட்டையை ஒப்பரேசன் செய்து அடைக்கலாமா என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். சீனி எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது, காது எவ்வளவு காலம் காய்ந்திருக்கிறது என்பதை வைத்து அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சம்மாந்துறை_நானா | பிற்பகல் 4.02

அல்ஹம்துலில்லாஹ், எடுத்துவிட்டார்கள்தானே. இனி நானும் சீழ் வடிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் போத்தலை எடுப்பேன். டோர்ச் விசயத்தில் மட்டும் நான் மாறமாட்டேன்.

கல்லடி_காற்று | பிற்பகல் 4.10

வண்டுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் நானா. வாடியில் படுக்கிறவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தால் என்ன மிஸ்?

ஓய்வில்_மிஸ் | பிற்பகல் 4.35

நுளம்பு வலையை பாய்க்குக் கீழே மடித்துச் செருகிப் படுத்தாலே போதும், கரப்பொத்தானுக்கும் அது தடைதான். சாக்கையும் சாப்பாட்டுச் சட்டியையும் தலைமாட்டில் வைக்க வேண்டாம், அதுகள் அங்கேதான் வரும். பஞ்சு வைக்கலாம், இறுக்கி உள்ளே தள்ளாமல், காலையில் எடுக்க நுனி வெளியே தெரிகிற மாதிரி. மறந்துபோன பஞ்சு எடுக்க வந்தவர்களும் கிளினிக்கில் கொஞ்சப் பேர் இல்லை.

காத்தான்குடி_தாய் | மாலை 6.20

மணியை எடுத்துவிட்டார்கள், கொக்கியால், ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. மற்றக் காதில் ஒன்றுமில்லை. மூக்கில் ஒரு பயறு இருந்தது.